பாலிகாட்டன் சீருடை: சூட்டில் துவைக்க, டிரையரில் காயவைக்க, அயன் போட ஒரு வழிகாட்டி

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து வாடகை வீட்டில் குடியேறுபவர்களுக்கு முதல் மாதத்திலேயே டோபி பழகிவிடுகிறது. லயத்து வீட்டில் கொல்லைப்புறக் கொடி இருந்தது. இங்கே கடைக்கு மேல் மாடி, பின்னால் சந்து, மத்தியானம் ஆனால் மழை. பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை மூட்டையாகக் கட்டிக்கொண்டுபோய் காசு போடும் மிஷினில் தள்ளி, சூடான தண்ணீரில் போட்டால் நன்றாக வெளுக்கும் என்று சூட்டுப் பொத்தானை அழுத்தி, டிரையரிலும் அதிகச் சூடே வைத்து எடுத்தால், சட்டை முதுகில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கோட்டுப் படம் விழுந்திருக்கும். வீட்டில் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. அக்கா பிள்ளைகளின் துணியை நான் கவனிக்க ஆரம்பித்தபோது இதில் நிறையவே அல்லாடினேன். யாராவது முதலிலேயே ஒழுங்காகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ காசும் நேரமும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே நான் சொல்லப்போவது பள்ளி வெள்ளைச் சட்டை, பச்சைக் காற்சட்டை, காவலர் சீருடை, தொழிற்சாலைச் சட்டை மாதிரியான பாலிகாட்டன் துணிகளுக்கு. பட்டு, கம்பளி, முழுப் பருத்திக்கெல்லாம் கணக்கு வேறு.

ஒன்றை மட்டும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள், மீதி எல்லாம் அதிலிருந்தே வரும். அந்தத் துணியில் இரண்டு வகை நூலிழை கலந்திருக்கிறது. பருத்தி தண்ணீருக்கு மசியும்: நனைந்தால் ஊறி, இளகி, எப்படிக் கிடந்து காய்கிறதோ அந்த வடிவத்திலேயே நிற்கும். பாலியஸ்டர் தண்ணீரை ஏறக்குறைய குடிப்பதே இல்லை, அது சூட்டுக்கு மசியும்: சுமார் 70, 80 பாகைக்கு மேல் போனால் உள்ளுக்குள் இளகும், நனைந்திருந்தால் அதற்குக் கொஞ்சம் கீழேயே இளகத் தொடங்கிவிடும், பிறகு எந்த வடிவத்தில் ஆறுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சூடுபட்ட துணி மடங்கிக் கசங்கிய நிலையில் ஆறினால்தான் கோடு விழுகிறது. விரிந்து தொங்கியபடி ஆறினால் அதே சூடு ஒன்றும் செய்யாது.

1. லேபலைப் பாருங்கள், லேபல் இல்லையென்றால் ஒரு நூலை எரியுங்கள்

சட்டைக் கழுத்துக்குப் பின்னாலோ பக்கவாட்டுத் தையலிலோ ஒரு சின்ன லேபல் இருக்கும். அதில் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, கலவை எத்தனை சதவிகிதம். சீருடைச் சட்டைகளில் அதிகம் கிடைப்பது 65% பாலியஸ்டர், 35% காட்டன். துணிக்கடையில் இதை டி.சி. என்பார்கள். பருத்தி பாதிக்கு மேல் இருந்தால் சி.வி.சி. என்று சொல்வார்கள், பெரும்பாலும் 60% காட்டன், 40% பாலியஸ்டர். டி.சி. சீக்கிரம் காயும், கொஞ்சம் வழவழப்பாக இருக்கும், வெயிலில் புழுங்கும். சி.வி.சி. உடம்புக்கு இதம், ஆனால் அதிகம் கசங்கும், முதல் ஒன்றிரண்டு துவைப்பில் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அளவு பார்த்து வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, படங்கள். தொட்டி மாதிரி படத்துக்குள் 40 என்றோ 60 என்றோ எழுதியிருந்தால் அதுதான் தண்ணீரின் உச்சச் சூடு. தொட்டிக்குக் கீழே ஒரு கோடு இருந்தால் மிஷினை மென்மையாக ஓட்டச் சொல்கிறது. அந்தக் கோடு பெரும்பாலும் பாலிகாட்டனில்தான் இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. சதுரத்துக்குள் வட்டம் டிரையர், உள்ளே ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு என்றால் சாதாரணச் சூடு. அயன் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி 110 பாகை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. பாலிகாட்டனுக்கு இரண்டு புள்ளிதான் எல்லை.

பசார் மாலாமில் மலிவாக வாங்கிய சட்டைகளில் லேபலே இருக்காது, இருந்தாலும் அளவு மட்டும் போட்டிருக்கும். அப்போது ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அடி மடிப்பின் உள்ளே இருக்கும் உபரித் துணியிலிருந்து ஒரு நூலை உருவுங்கள். தைத்த நூலை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் பாலியஸ்டர்தான், உங்களை ஏமாற்றிவிடும். அடுப்படி ஓட்டுத் தரையிலோ பழைய தட்டிலோ வைத்து, சாமணத்தில் பிடித்து, தீக்குச்சியைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். முழுப் பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், தொட்டால் உதிர்கிற சாம்பல் மிஞ்சும். முழுப் பாலியஸ்டர் நெருப்புக்கு முன்னாலேயே சுருண்டு உருகி, கறுப்புப் புகைவிட்டு, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத ஒரு கெட்டி மணியாக நிற்கும். கலப்புத் துணி இரண்டையும் காட்டும்: காகித வாசனையோடு எரியும், ஆனால் நுனியில் கரடுமுரடான கெட்டிக் கட்டி மிஞ்சும். உருகிய சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் கையில் பிடித்து எரிக்காதீர்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. கறை முதலில், சூடு அப்புறம்

பாலியஸ்டருக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய் பிடிக்கும். காலரின் உள்பக்கம் விழும் மஞ்சள் வளையம் வெறும் அழுக்கு இல்லை, கழுத்து எண்ணெய்தான் இழைக்குள் உட்கார்ந்துவிட்டது. சோப்புத் தூள் போட்டு மிஷினில் விட்டால் பருத்திப் பாகம் வெளுக்கும், பாலியஸ்டர் பாகத்தில் எண்ணெய் அப்படியே நிற்கும். அதை அப்படியே டிரையர் சூட்டில் போட்டால் கறை சுட்டு நிலைத்துவிடும், பிறகு எடுப்பது மிகக் கஷ்டம்.

ஆகவே மிஷினுக்கு முன்னால் காலரிலும் கைமடிப்பிலும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவ சோப்பைத் தேய்த்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். மென்மையான பிரஷ் போதும், தரை தேய்க்கும் பிரஷ் வேண்டாம். கன்டீன் கறிக்குழம்பு தெறித்த இடத்துக்கும் இதே வைத்தியம்தான். ரத்தக் கறை என்றால் மட்டும் முறை தலைகீழ்: முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், சூட்டுத் தண்ணீர் பட்டால் முட்டை வெந்த மாதிரி அது துணியிலேயே வெந்துபோகும்.

வீட்டில் யாராவது இன்னும் பால்மரம் வெட்டப் போகிறார்கள் என்றால் அந்தத் துணியைச் சீருடையோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். பாலியஸ்டர் கழன்று வரும் அழுக்கையும் எண்ணெயையும் பக்கத்துத் துணியிலிருந்து இழுத்துக்கொள்ளும், வெள்ளைச் சட்டை நாளாக நாளாகச் சாம்பல் நிறமாவதற்கு முக்கியக் காரணம் இதுதான். துண்டு, பெட்ஷீட், ஜீன்ஸ் இவற்றையும் தனியாகப் போடுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, டிரையர் பகுதியில் சொல்கிறேன்.

வெளுப்பான் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில சீருடைகளுக்கு, கசங்காமல் இருக்க என்று ஆலையிலேயே ஒரு பிசின் பூச்சு கொடுத்திருப்பார்கள். குளோரின் வெளுப்பான் பட்டால் அந்தப் பூச்சு குளோரினைப் பிடித்துவைத்து, பிறகு சூடு பட்டதும் மஞ்சளாகும். வெளுக்கப் போட்டது மஞ்சளாகத் திரும்பி வருவது இதனால்தான். ஆக்ஸிஜன் வெளுப்புத் தூள் பாதுகாப்பானது, 40 பாகைத் தண்ணீரிலேயே ஓரளவு வேலை செய்யும்.

3. தண்ணீர்ச் சூடு: 40 போதும்

நம் ஊரில் குழாய்த் தண்ணீரே 28 பாகை பக்கம் இருக்கும். அன்றாடச் சீருடைக்கு அதுவே போதும், காலர் எண்ணெய் கரைய வேண்டும் என்றால் 40 பாகை நல்லது. 60 பாகை எப்போது தேவை? வீட்டில் யாருக்காவது தோல் தொற்று, வாந்தி பேதி மாதிரி ஏதாவது இருந்து துணியைக் கிருமி போகத் துவைக்க வேண்டும் என்றால். லேபல் 60 வரை அனுமதித்தால் அப்போது போடலாம், ஆனால் வாராவாரம் போட வேண்டாம். 60 பாகையில் நனைந்த பாலியஸ்டர் இளகும் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த நிலையில் மிஷின் நிறையத் துணி திணித்திருந்தால் மடிப்புகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும், அடுத்து அலசப் பச்சைத் தண்ணீர் வந்து சட்டென்று ஆற்றும், மடிப்பு அப்படியே பதிந்துவிடும்.

வீட்டில் முன்பக்கம் திறக்கும் மிஷின் இருந்தால் அதில் 'சிந்தெடிக்' அல்லது 'ஈசி கேர்' என்று ஒரு ஓட்டம் இருக்கும். அதைத்தான் வையுங்கள். அந்த ஓட்டத்தில் தண்ணீர் அதிகம், உருட்டல் குறைவு, பிழிவதும் மெதுவாக. பல மிஷின்களில் பிழிவதற்கு முன் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றவும் செய்யும். 'காட்டன் 60' என்ற ஓட்டத்தில் இதெல்லாம் இல்லை. பெயரில் காட்டன் இருக்கிறதே என்று பாலிகாட்டனை அதில் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

டோபி மிஷினில் இப்படித் தேர்வு கிடையாது. பச்சைத் தண்ணீர், வெதுவெதுப்பு, சூடு என்று மூன்று பொத்தான் இருக்கும், எத்தனை பாகை என்று பல கடைகளில் போர்டு கூட இருக்காது. நான் போய்க்கொண்டிருந்த ஒரு கடையில் கேட்டதற்கு, சூடு என்றால் சூடுதான் என்று பதில் வந்தது. வெதுவெதுப்பை அழுத்துங்கள், தொட்டியில் பாதி, மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துணி போடாதீர்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள்: துணி மேலே போய்த் தனித்தனியாக விழ வேண்டும். ஒரே மூட்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தால் கூட்டம் அதிகம் என்று அர்த்தம்.

வாளியில் துவைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1.7 லிட்டர் கெட்டல் ஒன்றைக் கொதிக்கவைத்து, 8 லிட்டர் சொச்சம் குழாய்த் தண்ணீரோடு கலந்தால் 10 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 40 பாகைக்கு வரும். கை வைத்தால் இதமான சூடாக இருக்கும், வெடுக்கென்று எடுக்கத் தோன்றாது. முதலில் வாளியில் குழாய்த் தண்ணீர், அதில் கொதிநீர், கலக்கிவிட்டு, சோப்பு கரைந்த பிறகுதான் துணி. துணியை வாளியில் போட்டுவிட்டு அதன்மேல் கொதிநீரை ஊற்றுவது பழைய பழக்கம், வெள்ளைப் பருத்தி வேட்டிக்கு அது சரி. பாலிகாட்டனுக்கு அதுவே கோட்டுப் படத்தின் தொடக்கம்.

துவைக்கும் முன் சட்டையை உள்வெளியாகத் திருப்பிவிடுங்கள். உரசல் உள்பக்கம் போகும், வெளியே சின்னச் சின்ன நூலுருண்டை எழும்புவது குறையும். முழுப் பருத்தியில் இந்த உருண்டைகள் நாளடைவில் உதிர்ந்துவிடும், கலப்புத் துணியில் பலமான பாலியஸ்டர் இழை அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உதிராமல் நிற்கும்.

4. டிரையர்: குறைந்த சூடு, பாதியில் திறந்து பார்ப்பது

பணம் வீணாவதும் துணி கெடுவதும் அதிகம் நடக்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பருத்தி தன் எடையில் ஏழெட்டு சதவிகிதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே பிடித்துவைத்திருக்கும், பாலியஸ்டர் அரை சதவிகிதம்கூடப் பிடிக்காது. அதனால் டி.சி. சட்டையின் முதுகும் கையும் மிகச் சீக்கிரம் காய்ந்துவிடும். காலர், பொத்தான் பட்டி, பாக்கெட் தையல் இவை பல அடுக்கு என்பதால் ஈரமாகவே இருக்கும். காலர் காய வேண்டும் என்று நீங்கள் இன்னொரு நாணயம் போடும்போது, ஏற்கெனவே காய்ந்த முதுகு தேவையில்லாமல் சூடேறிக்கொண்டிருக்கிறது. ஈரம் இருக்கும்வரை துணி பெரிதாகச் சூடேறாது, ஈரம் போனதும் டிரையர் காற்றின் சூடு முழுவதும் துணிக்கே போகும். டோபி கேஸ் டிரையர்களில் அதிகச் சூடு என்பது பாலியஸ்டரை இளக்கப் போதுமான அளவு. துண்டையும் சட்டையையும் சேர்த்துப் போட்டால் இதே தொல்லை இரட்டிப்பாகும். துண்டு காயும்வரை சட்டை வறுபடும். தனியாகப் போடுங்கள் என்று முன்னால் சொன்னதன் இரண்டாவது காரணம் இது.

எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று அறிகுறி உண்டு. துணியை எடுக்கும்போது படபடவென்று மின்னூட்டம் அடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதிகம் காய்ந்துவிட்டது. மடிப்பு ஓரங்கள் கூர்மையாக, கத்தியால் கீறியது மாதிரி இருந்தால் அப்படியே ஆறியிருக்கிறது. காலரில் கொப்புளம் எழும்பியிருந்தால், உள்ளே ஒட்டியிருக்கும் விறைப்புத் துணி சூட்டில் பசை விட்டிருக்கிறது அல்லது வெளித்துணியும் அதுவும் வெவ்வேறு அளவு சுருங்கியிருக்கின்றன.

செய்யவேண்டியது இது. குறைந்த அல்லது நடுச் சூடு வையுங்கள். பாதி நேரத்தில் கதவைத் திறந்து ஒரு சட்டையின் முதுகைத் தொடுங்கள். பெரும்பாலான டிரையர்களில் கதவைத் திறந்தால் உருளை நின்றுவிடும், மூடிப் பொத்தானை அழுத்தினால் மீதி நேரம் ஓடும், காசு போகாது. முதுகு காய்ந்து காலர் மட்டும் ஈரமாக இருந்தால் அதுதான் எடுக்கவேண்டிய நேரம். கடிகாரம் இன்னும் பத்து நிமிடம் காட்டுகிறதே, காசு போட்டோமே என்று விடாதீர்கள், அந்தப் பத்து நிமிடத்தில் துண்டைப் போடுங்கள். எடுத்த கையோடு ஒவ்வொரு சட்டையையும் ஒரு உதறு உதறி, ஹேங்கரில் மாட்டி, மேல் பொத்தானைப் போட்டு, காலரைக் கையால் நீவிவிட்டு, கம்பியில் தொங்கவிடுங்கள். கையோடு ஏழெட்டு ஹேங்கர் எடுத்துக்கொண்டு டோபிக்குப் போவது பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், சிரித்தால் சிரிக்கட்டும். சூடான சட்டைகளைக் கூடையில் அமுக்கி, மோட்டார் சைக்கிள் முன்கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனால், பதினைந்து நிமிடப் பயணத்தில் அவை கூடைக்குள்ளேயே ஆறி, கூடையின் வடிவத்துக்கு மடிந்திருக்கும். ஏனென்று கேட்கவே வேண்டாம்.

வெயில் நாளில் டிரையரே வேண்டாம். டி.சி. சட்டை நிழலான காற்றில் ஹேங்கரில் தொங்கினாலே மத்தியான மழைக்கு முன் காய்ந்துவிடும், காலை பத்து மணிக்குள் போட்டுவிட்டால் போதும்.

5. அயன்: ஈரம் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம்

இரண்டு இழைக்கும் இரண்டும் வேண்டும். பருத்தியின் கசங்கல் ஈரமில்லாமல் போகாது. பாலியஸ்டரின் கசங்கல் சூடு இல்லாமல் போகாது. ஆகவே சட்டை காலரும் கைமடிப்பும் லேசாக ஈரமாக இருக்கும்போதே அயன் போட உட்காருங்கள். எல்லாம் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து, சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் பத்து நிமிடம் வைத்தால் ஈரம் சமமாகப் பரவும்.

திருகுப் பொத்தானை இரண்டு புள்ளியில் வையுங்கள். அயன் பெட்டியை அதிகச் சூட்டிலிருந்து குறைத்தால் தட்டு ஆற நேரமாகும், விளக்கு அணைந்தவுடன் சரியான சூடு வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். வீட்டில் எல்லாத் துணியும் ஒன்றாக அயன் போடுகிறவர்கள் பாலிகாட்டனை முதலில் முடித்துவிட்டு, பருத்தி வேட்டியையும் துண்டையும் கடைசியில் வையுங்கள். நீல, பச்சைக் காற்சட்டையை உள்பக்கமாகத் திருப்பியே போடுங்கள், வெளிப்பக்கம் போட்டே ஆக வேண்டிய இடத்தில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை மேலே விரியுங்கள். நேரடியாக அழுத்தினால் தையல் மேட்டிலும் பாக்கெட் ஓரத்திலும் பளபளவென்று ஒரு மினுக்கம் வரும். அது இழை இளகித் தட்டையாவது, துவைத்தால் போகாது. பாலியஸ்டர் உருகுவது 255, 260 பாகையில்தான், ஆனால் அதற்கு வெகு முன்னாலேயே அழுத்தத்தோடு சூடு சேர்ந்தால் மினுக்கம் வந்துவிடும், மூன்று புள்ளிச் சூடு அதற்குத் தாராளம்.

முதலில் காலர், முனையிலிருந்து நடுவுக்கு, உள்பக்கம் முதலில். பிறகு தோள், கைமடிப்பு, கை, முன்பக்கம், கடைசியாக முதுகு. ஒரு இடம் முடிந்ததும் உடனே இழுத்து அடுத்த இடத்துக்குப் போகாமல், கையால் தட்டையாக அமுக்கி நாலைந்து வினாடி ஆறவிடுங்கள். மொத்தச் சட்டையும் முடிந்ததும் ஹேங்கரில் ஐந்து நிமிடம் தொங்கட்டும், உடனே மடித்து அலமாரியில் வைக்காதீர்கள். சூட்டோடு மடித்தால் மடிப்புக் கோடு தங்கிவிடும்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். பச்சைக் காற்சட்டைக்கு முன்னால் ஒரு நேர்க்கோடு வேண்டும் இல்லையா? தையல் நேர்பட இரண்டு காலையும் மடித்து, மேலே ஈரத்துணி விரித்து, இரண்டு புள்ளிச் சூட்டில் அயனை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஆவி அடங்கும்வரை செய்யுங்கள், இழுத்துத் தேய்க்காதீர்கள். பிறகு ஒரு பாடப்புத்தகத்தை அதன்மேல் வைத்து முழுதாக ஆறவிடுங்கள். இந்தக் கோடு பல துவைப்புக்கு நிற்கும், வாராவாரம் புதிதாகக் கோடு எடுக்கத் தேவை இருக்காது.

கஞ்சி பற்றி: பழைய பருத்திக்குப் போடுகிற அளவு கெட்டிக் கஞ்சி டி.சி. சட்டைக்குப் போட்டால் வெள்ளைச் செதிலாக உதிரும், அயன் தட்டில் ஒட்டிப் பழுப்பாகும். வேண்டுமென்றால் காலருக்கும் கைமடிப்புக்கும் மட்டும் மிகவும் நீர்க்கப் போடுங்கள்.

6. விழுந்துவிட்ட கோட்டை எடுப்பது

டிரையரில் பதிந்த கோடுகளை எடுக்க, அது விழுந்த அளவு சூட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய், நேராக ஆற்ற வேண்டும். காய்ந்த துணியில் வெறும் அயனை முன்னும் பின்னும் இழுத்தால் பயனில்லை. துணியை நன்றாக நனையுங்கள், உள்பக்கம் திருப்புங்கள், மேலே ஈரத்துணி, இரண்டு புள்ளி, அழுத்தி ஒரு பத்து வினாடி, தூக்கி, அந்த இடம் ஆறும்வரை தட்டையாக விடுங்கள், பிறகு அடுத்த இடம். ஒரு சட்டையின் முதுகுக்கு கால்மணி நேரம் ஆகும். ஒருமுறை செய்து குறைந்தால் இரண்டாம் முறை செய்யலாம், குறையவே இல்லை என்றால் விட்டுவிடுங்கள், சூட்டைக் கூட்டி முயன்றால் கோட்டோடு மினுக்கமும் சேரும்.

காலர் கொப்புளம் இதே ஈரத்துணி முறையில் சிலசமயம் படியும். பசை முழுதாக விட்டிருந்தால் அடுத்த துவைப்பில் மீண்டும் எழும்பும். தையல்காரரிடம் காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கச் சொல்லலாம், புதுச்சட்டை விலையோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். தையல் ஓரம் நெளிநெளியாகச் சுருங்கியிருந்தால், தைத்த நூல் துணியைவிட அதிகம் சுருங்கிவிட்டது என்று அர்த்தம், அயனில் கொஞ்சம் படியும், முழுதாகப் போகாது.

7. ஒரு சனிக்கிழமையின் நேரமும் செலவும்

ஐந்து வெள்ளைச் சட்டை, இரண்டு பச்சைக் காற்சட்டை என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் டி.சி. காலை எட்டுக்குக் காலருக்கு சோப்புத் தடவி, எட்டரைக்கு டோபியில் இருந்தால் கூட்டம் இருக்காது. எங்கள் பக்கம் சின்ன மிஷின் பச்சைத் தண்ணீருக்கு 5 வெள்ளி, வெதுவெதுப்புக்கு இன்னும் ஒரு வெள்ளி, ஓட்டம் அரைமணி நேரம். உங்கள் ஊரில் போர்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்சட்டையைத் தனியாகப் போட வேண்டுமா என்றால், புதிது என்றால் ஆம்: ஈரமான வெள்ளைப் பருத்தியில் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஏறாவிட்டால் சேர்க்கலாம். ஆனாலும் வெள்ளையோடு சேர்ப்பதை நான் விரும்புவதில்லை, காற்சட்டையை வீட்டிலேயே வாளியில் முடித்துவிடுவேன். கெட்டல் தண்ணீருக்குச் சில காசுதான் செலவு.

டிரையர் 4 வெள்ளி, குறைந்த சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் திறந்து பார்த்து எடுத்துவிடுவது. மழை இல்லை என்றால் அந்த 4 வெள்ளியும் மிச்சம். வீட்டுக்கு வந்து ஒன்பதரைக்குள் அயனில் உட்கார்ந்தால் சட்டை ஒன்றுக்கு ஐந்தாறு நிமிடம், காற்சட்டைக்குக் கோடு எடுக்கும் முதல்முறை மட்டும் பதினைந்து நிமிடம். மொத்தத்தில் 6 வெள்ளியிலிருந்து 10 வெள்ளி வரை, பதினொரு மணிக்குள் வேலை முடிந்துவிடும்.

கடையில் கொடுத்துத் துவைத்து அயன் போட்டு வாங்குவதென்றால், கொடுக்கும்போதே சீட்டில் மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை உருப்படி, "டி.சி., குறைந்த சூடு", ஏற்கெனவே இருக்கிற குறை. குறையை, அதாவது காலர் மஞ்சள், மினுக்கம் மாதிரி எதுவாக இருந்தாலும், கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கடையிலேயே பிரித்துப் பாருங்கள், வீட்டுக்கு வந்தபிறகு போய்ச் சொன்னால் யாரும் ஏற்பதில்லை. புதுச்சட்டை வாங்கும்போது லேபலையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து குத்துகிறது என்று பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அதைக் கத்தரிக்கச் சொல்வார்கள், அப்புறம் நூலை எரித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.